கருப்புப் பெட்டி, தங்க லோகோ, அதன்மேல் கூரியர் லேபிள்: பார்சலைப் பிரிப்பவர் கண்ணில் என்னதான் படுகிறது?

வாணி_செங்காங் | செவ்வாய், இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். செங்காங்கில் வீட்டிலிருந்தபடியே ஒரு சின்ன இணையக் கடை நடத்துகிறேன். விற்பது இரண்டே பொருள்: யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும் எல்இடி குத்துவிளக்கு ஒன்று, உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று. தனித்தனியாகவும் வாங்கலாம், இரண்டும் சேர்ந்த பரிசுத் தொகுப்பாகவும் வாங்கலாம். தொகுப்புதான் அதிகம் போகிறது. வாங்குபவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர்.

பெட்டி பார்க்க விலையுயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று நினைத்து, முழுக்க மேட் கருப்பில், மூடியில் தங்க நிற லோகோவோடு 500 பெட்டி அச்சடித்தேன். ஒன்று 2.40 வெள்ளி. உள்ளளவு 25 × 20 × 10 செ.மீ. இதுவரை 160 அனுப்பிவிட்டேன், 340 வீட்டில் இருக்கிறது.

எனக்கு வந்த புகைப்படங்களை இங்கே இணைத்திருக்கிறேன். பார்த்து மனம் விட்டுப்போயிற்று. லோகோவின் நட்டநடுவில் கூரியர் லேபிள். கருப்பு முழுக்கக் கீறல். மூலைகளில் வெள்ளைக் கோடு தெரிகிறது. உள்ளே நான் போட்ட காகிதத் துணுக்கு சோபா முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. ஒருவர் மட்டும் நேரடியாகவே எழுதினார்: "என் அக்காவுக்கு அனுப்பிய பரிசில் விலைச்சீட்டும் இருந்தது."

தீபாவளிக்கு 200 தொகுப்பாவது போகும் என்று எதிர்பார்க்கிறேன். கேள்வி இதுதான்: லோகோவைத் தங்க ஃபாயிலில் மாற்றினால் லேபிள், கீறல் எல்லாவற்றையும் மீறிப் பளிச்சென்று தெரியுமா? அதற்கு ஒரு பெட்டிக்கு 60 காசு கூடுதல் சொல்கிறார்கள்.

---

சுரேன்_YCK | செவ்வாய், இரவு 11.05

பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லிவிடுங்கள். "பிரிக்கும் வீடியோ இல்லாமல் புகார் ஏற்கப்படாது" என்று ஒரு சீட்டு ஒட்டினால் போதும். நான் ஃபோன் கவர் விற்கிறேன், அந்தச் சீட்டு ஒட்டிய பிறகு பொய்ப் புகார் பாதியாகிவிட்டது.

---

வாணி_செங்காங் | செவ்வாய், இரவு 11.11

அண்ணே, நான் கேட்டது புகாரைப் பற்றி இல்லை. பிரிக்கிற அனுபவத்தைப் பற்றி.

---

நிதானம் | செவ்வாய், இரவு 11.30

உண்மையைச் சொல்லட்டுமா? பெட்டி பிரித்த பத்தாவது நிமிடம் கீழே நீல மறுசுழற்சித் தொட்டிக்குப் போய்விடும். 1,200 வெள்ளி செலவழித்து அட்டைக்குக் கருப்பு மை பூசியிருக்கிறீர்கள். அந்தக் காசை விளக்கின் பேட்டரியில் போட்டிருந்தால் மறுமுறையும் வாங்குவார்கள்.

---

உபி_கதிர் | புதன், காலை 6.50

ஃபாயில் வேண்டாம் தங்கச்சி. காரணத்தைச் சொல்கிறேன். நான் உபியில் ஒரு பெட்டி அச்சகத்தில் 18 வருடம் வேலை செய்தவன்.

உன் பெட்டி ஈ புளூட் என்ற மெல்லிய நெளி அட்டை என்று ஊகிக்கிறேன், ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். இந்த வகைப் பெட்டி கடை அலமாரியில் அழகாக நிற்கும். ஆனால் நீ அதற்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறாய். கூரியர் வேனில் அடிபடுவதும் அதுவே, வரவேற்பறையில் அழகு காட்டுவதும் அதுவே. ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு பெயின்ட் அடித்துவிட்டு, அதே சட்டையோடு கல்யாணத்துக்குப் போவது போல.

மூலையில் வெள்ளைக் கோடு ஏன் வருகிறது? கருப்பு மை அழுத்தமாகப் பூசிய காகிதத்தை மடித்தால் மடிப்புக் கோட்டில் மேல்பூச்சு வெடிக்கும், அடியில் இருக்கும் வெள்ளை நார் தெரியும். வெளிர்நிறப் பெட்டியிலும் அதே வெடிப்பு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேட் பூச்சும் அப்படித்தான். ஒரு பார்சல் இன்னொரு பார்சலோடு உரசினால் அந்த இடம் பளபளக்கும். கருப்பில் அது கீறல் மாதிரி தெரியும். ஃபாயில் வைத்தாலும் லேபிள் ஒட்டுபவர் அதைப் பார்த்துத் தள்ளி ஒட்டப்போவதில்லை. அவருக்குத் தட்டையான பெரிய பரப்பு எதுவோ அதுதான் லேபிள் ஒட்டும் இடம், அதாவது உன் மூடி.

இரண்டு விஷயம் சொல், பிறகு பேசலாம். விளக்கும் ஸ்பீக்கரும் தத்தம் சிறு பெட்டியோடு என்ன அளவு? காலிப் பெட்டிகளை வீட்டில் எங்கே வைத்திருக்கிறாய்?

---

பிரகாஷ்88 | புதன், காலை 8.15

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பெட்டியை உள்வெளியாகத் திருப்பி மடியுங்கள். கருப்பும் லோகோவும் உள்ளே போய்விடும், வெளியே சாதாரணப் பழுப்பு அட்டை. லேபிளை எங்கே ஒட்டினாலும் கவலை இல்லை. திறந்தவுடன் மூடியின் உட்புறத்தில் உங்கள் லோகோ தங்கமாக மின்னும். செலவு பூஜ்யம். 340 பெட்டியும் வீணாகாது.

---

வாணி_செங்காங் | புதன், காலை 8.40

பிரகாஷ், இது எனக்குத் தோன்றவே இல்லை! இன்றிரவே மடித்துப் பார்க்கிறேன்.

கதிர் அண்ணே, விளக்குப் பெட்டி 17 × 9 × 6. ஸ்பீக்கர் பெட்டி 9 × 9 × 5. கூடவே 15 × 10 அளவில் ஒரு வாழ்த்து அட்டை. காலிப் பெட்டிகள் துணி துவைக்கும் இடத்தில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறேன். பாம்ப் ஷெல்டரில் இடம் இல்லை.

---

தெம்பனிஸ்_மாமி | புதன், காலை 9.20

நான் விற்பவள் இல்லை, வாங்குபவள். போன வருடம் என் நாத்தனார் மகளுக்கு இப்படி ஒரு கடையிலிருந்து தீபாவளிப் பரிசு அனுப்பினேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. அவள் வீட்டு வாசலில், செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அனுப்பியவர் என்ற இடத்தில் கடையின் பெயர் கொட்டை எழுத்தில். பிரிப்பதற்கு முன்பே என்ன பொருள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே அனுப்பியது நான்தான் என்று எங்குமே இல்லை! "யாரோ தப்பாக அனுப்பிவிட்டார்கள்" என்று இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்தாள். பிறகு நானே ஃபோன் செய்து கேட்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று. தீபாவளிக்குக் கருப்புப் பெட்டியா அம்மா? என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்.

---

நிதானம் | புதன், காலை 9.48

ஆப்பிளும் மற்றவர்களும் கருப்பிலும் வெள்ளையிலும்தானே விற்கிறார்கள் மாமி. இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள்?

---

தெம்பனிஸ்_மாமி | புதன், காலை 9.55

கைத்தொலைபேசியை நானே எனக்கு வாங்கிக்கொள்கிறேன். யாரும் தாம்பூலத் தட்டில் வைத்துத் தருவதில்லை.

---

உபி_கதிர் | புதன், பகல் 1.10

மாமி சொன்னதில் நிறைய இருக்கிறது. அது கடைசியில்.

முதலில் அளவு. விளக்கையும் ஸ்பீக்கரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் 18 அகலம், 17 நீளம், 6 உயரம். உன் பெட்டி 25 × 20 × 10. நீளத்தில் 8 செ.மீ. சும்மா, உயரத்தில் 4 செ.மீ. சும்மா. கன அளவு போட்டுப் பார்: பெட்டி 5,000 கன செ.மீ., சரக்கு இரண்டும் சேர்ந்து 1,323. கிட்டத்தட்ட முக்கால் பெட்டி காற்று. அந்தக் காற்றை மறைக்கத்தான் நீ காகிதத் துணுக்கைப் போட்டிருக்கிறாய்.

துணுக்கு அழகுக்கு மேலே தூவுகிற பொருள், பொருளைப் பிடித்து வைக்காது. வேன் குலுங்கக் குலுங்கத் துணுக்கு அமுங்கும், கனமான விளக்கு அடியில் இறங்கி ஒரு மூலைக்குப் போய்விடும். பிரிப்பவர் முதலில் பார்ப்பது ஒருபக்கமாகச் சரிந்த குப்பை. கையை விட்டுத் துழாவித்தான் பரிசை எடுக்க வேண்டும், அப்போதுதான் சோபாவில் கொட்டுகிறது. உன் பிராண்டைப் பற்றி அவர் மனதில் பதிவது அந்தத் துழாவல்தான். லோகோ அதற்குப் பிறகு.

சின்னப் பெட்டியாக, உள்ளளவு 19 × 19 × 7 வாக்கில் பார். இந்த அளவிலேயே வேண்டும் என்று தனியாக அச்சு வெட்டாதே, 200 பெட்டிக்கு அந்தச் செலவு கட்டாது. தயாராக விற்கும் அளவுகளில் எது நெருக்கமோ அதை முதலில் எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை அதற்கேற்ப அடுக்கு. வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் கூடுதல் லாபம். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்து எடை போடுவார்கள். உன் கருப்புப் பெட்டி ஒரு கிலோவுக்கு மேல் வரும். சின்னது அதில் பாதிதான்.

அடுத்தது துணி துவைக்கும் இடம். அங்கிருந்து இன்றைக்கே எடுத்துவிடு. அட்டை காகிதம்தானே, காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல், வாஷிங் மெஷின் பக்கத்தில் இன்னும் கூடும். 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் ஓர் அட்டைப்பெட்டி தாங்குகிற பளுவில் ஏறக்குறைய பாதிதான் 90 விழுக்காட்டில் தாங்கும். உன் பெட்டிகளின் மூலை நசுங்குவதற்குக் கூரியரை மட்டும் திட்டாதே. சந்தேகமாக இருந்தால் ஒரு பெட்டியை ஏசி அறையில் ஒரு நாள் வைத்து, அதையும் மெஷின் பக்கத்தில் இருப்பதையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்.

பிரகாஷ் சொன்ன திருப்பி மடிக்கிற யோசனை பாதி சரி. மடித்துப் பார்த்துவிட்டு நீயே சொல். நான் முன்கூட்டிச் சொன்னால் சுவை போய்விடும்.

---

வாணி_செங்காங் | புதன், இரவு 11.37

அண்ணே, நீங்கள் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பீர்கள்.

திருப்பி மடித்தேன். மடிகிறது. வெளியே பழுப்பு, உள்ளே கருப்பு. மூடியைத் திறந்தேன், லோகோ தலைகீழாக நிற்கிறது! பத்து நிமிடம் நான்தான் தப்பாக மடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூடியும் சரியாகப் படியவில்லை, முன்பக்கம் அரை செ.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது.

தராசில் நிறுத்துப் பார்க்க நாளை வரை பொறுக்க வேண்டும்.

---

உபி_கதிர் | வியாழன், காலை 7.05

அதேதான். லோகோவின் அடிப்பக்கம் மூடியின் முன்விளிம்பை நோக்கி இருக்கும், ஏனென்றால் மூடிய பெட்டியைப் பார்க்கும்போது முன்விளிம்புதான் நம் பக்கம். மூடியைத் திறந்தால் அந்த முன்விளிம்பு மேலே போய்விடும். உள்ளே அச்சிருந்தால் எழுத்தின் காலும் மேலே போகும். மூடிக்குள் அச்சடிக்கும் படத்தை வெளிப்படத்திலிருந்து 180 பாகை திருப்பித்தான் வைக்க வேண்டும். புதிதாக வரும் டிசைனர் பிள்ளைகள் திரையில் விரித்த பெட்டியைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்துவிடுவார்கள். எங்கள் அச்சகத்தில் இப்படி 2,000 பெட்டி தலைகீழாகப் போனது உண்டு. அன்றிலிருந்து வெள்ளைக் காகிதத்தில் ஒரு மாதிரி வெட்டி மடித்துக் காட்டாமல் எந்த வேலையும் எடுக்கமாட்டோம்.

மூடி தூக்குவதற்குக் காரணம், மடிப்புக் கோட்டை ஒரு திசைக்கு என்று அழுத்தியிருப்பார்கள். எதிர்த்திசையில் மடித்தால் அட்டை முரண்டு பிடிக்கும். டேப் போட்டால் அடங்கும், ஆனால் இழுபட்டே நிற்கும்.

---

பிரகாஷ்88 | வியாழன், காலை 8.30

சரி, தலைகீழ் லோகோவை நான் யோசிக்கவில்லை. ஆனால் என் யோசனை முழுக்க வீணில்லை. வாழ்த்து அட்டையை மூடியின் உட்புறத்தில் லோகோவின்மேல் நான்கு முனையிலும் செருகி வைத்தால்? திறந்தவுடன் தெரிவது அட்டைதான்.

---

உபி_கதிர் | வியாழன், காலை 8.52

அது நடக்கும். அனுப்பியவர் பெயரும் திறந்தவுடன் கண்ணில் படும், மாமியின் நாத்தனார் மகள் கதை நடக்காது. ஆனால் மூடி இழுபடும் சிக்கல் அப்படியே இருக்கிறது.

---

ஷீலா_ஜூரோங் | வியாழன், காலை 10.14

எனக்கு ஒரு சந்தேகம். நான் பவர் பேங்க்கில் பெயர் பொறித்து விற்கிறேன். சென்னைக்கும் பினாங்குக்கும் ஆர்டர் வருகிறது. அழகான டின் டப்பாவில் போட்டு அனுப்பினால் தபாலில் ஏற்றுக்கொள்வார்களா? யாரும் தெளிவாகச் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

---

உபி_கதிர் | வியாழன், காலை 10.40

டப்பா எதுவானாலும் சரி, பவர் பேங்க் தனி லித்தியம் பேட்டரியாகத்தான் கணக்கு, கருவிக்குள் இருக்கும் பேட்டரி இல்லை. விமான வழியில் அதற்குக் கட்டுப்பாடு மிகக் கடுமை. வாணியின் ஸ்பீக்கர் வேறு வகை. இதைத் தனி இழையாகத் தொடங்குங்கள் அம்மா, சரக்கு அனுப்பும் வேலையில் இருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

---

சுரேன்_YCK | வியாழன், பகல் 12.20

விலைச்சீட்டுப் பிரச்சினைக்கு: ரசீதை வாங்குபவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள், பெட்டியில் போடவே போடாதீர்கள். வெளிநாட்டுக்கு என்றால் சுங்கப் படிவத்தில் "பரிசு" என்று டிக் செய்து விலையைக் குறைத்து எழுதிவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

---

உபி_கதிர் | வியாழன், பகல் 12.45

முதல் பாதிக்கு நன்றி. இரண்டாவது பாதியைச் செய்யாதீர்கள் தம்பி. "பரிசு" என்ற கட்டம் ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு அனுப்புவதற்கு. காசு வாங்கி விற்ற பொருளுக்கு அதை டிக் செய்தால் பொய் உறுதிமொழி. விலையைக் குறைத்து எழுதினால், பார்சல் தொலையும்போது இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும். வெளிநாட்டுக்குப் போகும் பரிசில் பொருளின் பெயரும் மதிப்பும் வெளியே தெரியத்தான் செய்யும். அதை வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

---

வாணி_செங்காங் | வெள்ளி, இரவு 9.15

தராசுக் கணக்கு: ஏசி அறையில் ஒரு நாள் இருந்த பெட்டி 158 கிராம். வாஷிங் மெஷின் பக்கத்தில் இருந்தது 167. ஒரே கட்டிலிருந்து எடுத்தவை! ஈரப் பெட்டியின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றி, படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கணவர் ஒன்றும் சொல்லவில்லை, இதுவரை.

20 × 20 × 7 அளவில் தயார்ப் பழுப்புப் பெட்டி 70 காசுக்குக் கிடைத்தது. பத்து வாங்கினேன். உள்ளே எப்படி அடுக்குவது?

---

உபி_கதிர் | சனி, காலை 7.30

நல்ல அளவு. உள்தாங்கியை வெளியே கொடுத்துச் செய்யாதே, கையாலேயே வெட்டலாம். பெட்டியின் உள்ளளவோடு நான்கு பக்கமும் மடிப்புக்கு இடம் சேர்த்து ஓர் அட்டைத்தாள் வெட்டி, அதில் விளக்குக்கு ஒரு ஜன்னல், ஸ்பீக்கருக்கு ஒரு ஜன்னல் போடு. தாளின் நான்கு ஓரத்தையும் கீழே மடித்தால் அதுவே மேடையாக நிற்கும். ஜன்னல் பொருளைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும். சிறு பெட்டிகளை விட்டுவிட்டுப் பொருளையே நேரடியாக ஜன்னலில் வைக்கும் ஆசை வரும். வேண்டாம், சிறு பெட்டி உனக்கு இன்னொரு கவசம்.

பிறகு கீழே போட்டுப் பார். எங்கள் தொழிலில் இஸ்டா 1ஏ என்று ஒரு சோதனை உண்டு. பத்துக் கிலோவுக்குக் குறைந்த பார்சலை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போட வேண்டும். முதலில் ஒரு மூலை, அந்த மூலையிலிருந்து பிரியும் மூன்று விளிம்பு, பிறகு ஆறு பக்கமும். உன் சாப்பாட்டு மேசை உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். கீழ்வீட்டுக்காரர் தூங்காத நேரமாகப் பார்த்துப் போடு.

டேப் விஷயமும் சொல்லிவிடுகிறேன். நீ இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டியிருக்கிறாய். உன் படத்தில் ஒருவர் சாவியால் குத்திக் கிழித்திருக்கிறார், கருப்பு அட்டை உரிந்து தொங்குகிறது. ஒட்டும்போது டேப்பின் ஒரு முனையை ஒரு செ.மீ. உள்ளே மடித்துவிடு. பிடித்து இழுக்க ஒரு காது கிடைக்கும். இதற்குச் செலவே இல்லை.

---

நிதானம் | சனி, காலை 9.00

டேப் காது எனக்குப் பிடித்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கத்தரிக்கோல் தேடும் எரிச்சலைவிட மோசமான "பிராண்ட் அனுபவம்" கிடையாது. ஆனால் 200 மேடையைக் கையால் வெட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டீர்களா?

---

வாணி_செங்காங் | சனி, இரவு 10.28

போட்டேன். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் 200-க்கு ஆறு மணி நாற்பது நிமிடம். முதல் மூன்று மேடைக்கு எட்டு நிமிடம் ஆனது, இப்போது இரண்டரைக்கு வந்துவிட்டேன். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே வெட்டலாம். கட்டைவிரலில் பிளாஸ்டர் போட்டிருக்கிறேன், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கீழே போட்டும் பார்த்தேன். மூன்றாவது போடுகையில் பெட்டிக்குள் வெளிச்சம்! விளக்கு தானாகவே எரிந்துவிட்டது. பெட்டி கொஞ்சம்கூட நசுங்கவில்லை. திறந்து பார்த்தால் விளக்கின் அடியிலுள்ள பொத்தான் அதன் சிறு பெட்டியின் சுவரில் இடித்து அமுங்கியிருக்கிறது.

அப்போதுதான் ஒரு பழைய புகார் புரிந்தது. இரண்டு பேர் "விளக்கு எரியவே இல்லை, சார்ஜ் போட்ட பிறகுதான் எரிந்தது" என்று எழுதியிருந்தார்கள். நான் தொழிற்சாலையைத் திட்டிக்கொண்டிருந்தேன். வழி நெடுக எரிந்து பேட்டரி தீர்ந்துதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

---

உபி_கதிர் | ஞாயிறு, காலை 7.12

பார்த்தாயா! பரிசைத் திறந்து பொத்தானை அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை. அந்த நொடிக்குப் பிறகு நீ தங்கத்தையே உருக்கி ஊற்றினாலும் பயனில்லை.

பொத்தானைச் சுற்றி ஒரு வளையம் வேண்டும். இரண்டு மி.மீ. கனமான அட்டையிலோ ஃபோமிலோ ஒரு வட்டம் வெட்டி நடுவில் துளையிட்டு, பொத்தான் துளைக்குள் வருமாறு வை. சுவர் இடித்தாலும் வளையம்தான் வாங்கிக்கொள்ளும். உள்ளூருக்கு என்றால் அனுப்பும் முன் பாதியளவு சார்ஜ் ஏற்றிவிடு.

---

தெம்பனிஸ்_மாமி | ஞாயிறு, காலை 10.05

விளக்கு வாழ்த்து அட்டைக்கு அடியில் இருக்குமா, மேலே இருக்குமா? எனக்கு முதலில் யார் அனுப்பியது என்று தெரிய வேண்டும். பிறகுதான் பொருள். "எப்படிப் பயன்படுத்துவது" சீட்டெல்லாம் கடைசியில் அடியில் கிடக்கட்டும்.

---

வாணி_செங்காங் | ஞாயிறு, இரவு 8.50

மாமி, நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். மேலே வாழ்த்து அட்டை, அதில் அனுப்பியவர் பெயர் பெரிதாக. அடுத்து மெல்லிய குங்கும நிறத் தாள், அதை விலக்கினால் விளக்கும் ஸ்பீக்கரும் மேடையில். சார்ஜ் கேபிளும் விளக்கச் சீட்டும் மேடைக்கு அடியில். அனுப்புநர் இடத்தில் கடைப் பெயர் இல்லாமல் என் பெயரும் முகவரியும் மட்டும். என் லோகோ இருப்பது ஒரே இடத்தில்தான்: தாளை மூடும் வட்ட ஸ்டிக்கரில். அதுவும் சின்னதாக.

சோதனைக்கு எட்டுப் பெட்டியை ஈசூன், ஜூரோங், பிடோக் என்று நண்பர்களுக்கு அனுப்பிப் படம் எடுக்கச் சொன்னேன். ஆறு வந்துவிட்டது. லேபிள் மூடி முழுக்க இருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. விளக்கு ஆறிலும் எரிந்தது.

பெட்டி 70 காசு, தாள், ஸ்டிக்கர், வளையம், மேடை அட்டை எல்லாம் சேர்த்து 1.35 வெள்ளி. என் கை உழைப்பு தனி.

---

நிதானம் | ஞாயிறு, இரவு 9.20

கை உழைப்பைத் தனி என்று சொல்லிவிட்டால் எந்தக் கணக்கும் லாபம்தான். மணிக்குப் பத்து வெள்ளி வைத்தாலே மேடைக்கு மட்டும் 40 காசு கூடும். விற்பனை 500 ஆனால் எப்படி வெட்டுவீர்கள்?

---

வாணி_செங்காங் | ஞாயிறு, இரவு 9.31

500 ஆனால் அழுதுகொண்டே வெட்டுவேன். இன்னும் அந்த 340 கருப்புப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, 816 வெள்ளி. அதற்கு யாரிடமாவது யோசனை இருக்கிறதா?

---

உபி_கதிர் | ஞாயிறு, இரவு 9.58

சரியான பக்கமாகவே மடித்து, கூரியர் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பு. லேபிளும் கீறலும் உறையோடு போய்விடும். மூலை நசுங்குவதை உறை தடுக்காது, ஆனால் காய்ந்த அட்டை ஓரளவு தாங்கும். ஸ்பீக்கரைத் தனக்கே வாங்குபவர்களுக்கு அது போதும், அவர்களுக்குக் கருப்பு பிடிக்கும். அந்த அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் மட்டும் என்றால் காற்று இன்னும் அதிகம்தான், மேடை வேறு மாதிரி வெட்ட வேண்டும்.

---

நிதானம் | ஞாயிறு, இரவு 10.04

அட்டைப்பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக். அப்புறம் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிடுங்கள்.

---

ஷீலா_ஜூரோங் | ஞாயிறு, இரவு 10.22

வாணி, எனக்கு 25 × 20 சரியாக இருக்கும். பவர் பேங்க் இல்லை, வேறொன்று: கல்யாண வீடுகளுக்குப் பெயர் பொறித்த கண்ணாடிக் கோப்பை செய்கிறேன், நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது, கூரியர் கிடையாது. உங்கள் லோகோமேல் என் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ளலாமா? நூறு எடுத்துக்கொள்கிறேன், ஒன்றுக்கு ஒரு வெள்ளி.

---

தெம்பனிஸ்_மாமி | ஞாயிறு, இரவு 10.25

கல்யாணத்துக்கா? கருப்பிலா?

---

ஷீலா_ஜூரோங் | ஞாயிறு, இரவு 10.31

மாமி, சிவப்பு ரிப்பன் கட்டிவிடுகிறேன்.

---

வாணி_செங்காங் | ஞாயிறு, இரவு 10.40

ஒன்று இருபதுக்குத் தருகிறேன். புதன் மாலை செங்காங் எம்ஆர்டியில் சந்திக்கலாமா? தள்ளுவண்டி கொண்டு வாருங்கள், நூறு பெட்டி பதினாறு கிலோ வரும்.